ரீசெட்டை அழுத்தும் முன்

அப்டேட் முடிந்து போன் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கம்பெனியின் பெயர் வந்து மறைகிறது. அடுத்து ஹோம் ஸ்கிரீன் வரவேண்டும், வரவில்லை. ஏதோ ஒரு ஆங்கில வாசகம் வந்து அப்படியே நிற்கிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம். “அப்டேட் போட்டேன், அதுக்கப்புறம் போன் ஓபன் ஆகலண்ணே” என்கிறோம். “ரீசெட் அடிச்சா ஓபன் ஆயிடும்” என்கிறார் அவர். உண்மைதான், ஓபன் ஆகிவிடும். வாங்கிய நாளில் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்ததைப் போல, உள்ளே எதுவும் இல்லாமல் ஓபன் ஆகும்.

கடைக்காரர் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: ஸ்கிரீனில் சரியாக என்ன எழுதியிருந்தது? ‘Optimizing app 37 of 142’ என்ற மாதிரி எண் ஓடிக்கொண்டிருந்தால் அது ஒரு கதை. ‘Decryption unsuccessful’ என்றோ, புதிய போன்களில் வருவதுபோல ‘Can't load Android system. Your data may be corrupt’ என்றோ இருந்தால் அது முற்றிலும் வேறு கதை. முதலாவது உங்கள் படங்களையும் மெசேஜ்களையும் தொடுவதே இல்லை. இரண்டாவது அவற்றின் பூட்டோடு சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் ஒரே வைத்தியமாக ரீசெட் போடுவதால்தான் போகவேண்டிய தேவையே இல்லாத டேட்டா போகிறது.

முதல் கதையைப் பார்ப்போம். பிளே ஸ்டோரிலிருந்து இறங்கும் ஆப், போனின் பிராசஸருக்கு நேரடியாகப் புரிகிற வடிவத்தில் வருவதில்லை. எல்லா வகை பிராசஸருக்கும் பொதுவான ஓர் இடைநிலை வடிவத்தில் வருகிறது. அதை இந்த போனின் பிராசஸருக்கு ஏற்ற கட்டளைகளாக யாராவது மாற்றிக் கொடுக்கவேண்டும். ஆண்ட்ராய்டு 4.4 வரை அந்த வேலை ஆப் ஓட ஓட நடந்தது. 2014-இல் வந்த 5.0 பதிப்பில் முறையை மாற்றினார்கள். ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போதே முழுவதையும் மாற்றி வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். வேண்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதற்குப் பதில் ஒரு வாரத்துக்கான மாவை ஒரேயடியாக அரைத்து ஃபிரிட்ஜில் வைப்பது போன்ற ஏற்பாடு. ஆப் சட்டென்று திறக்கும், பேட்டரியும் மிச்சம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாற்றி வைத்த கட்டளைகள், ஆண்ட்ராய்டின் அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் உள் பகுதிகளை நம்பி எழுதப்பட்டவை. அப்டேட் வந்து அந்த உள் பகுதிகள் மாறினால் பழைய கட்டளைகள் அத்தனையும் செல்லாது. 142 ஆப் இருந்தால் 142-ஐயும் மறுபடி மாற்றவேண்டும். அந்த நேரத்தில் வரும் திரைதான் ‘Optimizing app’. ஆப்கள் நிறைந்த, வேகம் குறைந்த போனாக இருந்தால் அரை மணி நேரம்கூட ஓடும். 2016-இல் வந்த 7.0 பதிப்பு இதை மாற்றியது. எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்யாமல், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பகுதிகளை மட்டும், போன் சார்ஜில் சும்மா கிடக்கும் இரவு நேரத்தில் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அதன்பின் பல கம்பெனி போன்களில் இந்தத் திரையே மறைந்துவிட்டது. ஆனாலும் சாம்சங் போன்றவற்றில் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இன்றும் வருகிறது. திரை வராத போன்களிலும் பின்னணியில் அதே வேலைதான் நடக்கிறது. அப்டேட் போட்ட ஓரிரு நாள் போன் சூடாவதற்கும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதற்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுதான். மாற்றி வைக்கப்படும் கட்டளைகள் ஆப்பிலிருந்து உண்டாக்கப்பட்டவை. அவை அழிந்தால் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். உங்கள் வாட்ஸ்அப் உரையாடலோ குழந்தையின் படமோ அந்த வேலைக்குள் வருவதே இல்லை. ஆகவே இந்தத் திரையின் நடுவில் போன் அணைந்துபோனாலும், விட்ட இடத்திலிருந்தோ முதலிலிருந்தோ அது மறுபடி தொடங்கும், அவ்வளவுதான்.

சரி, வேலை நடக்கிறதா அல்லது மாட்டிக்கொண்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணைப் பாருங்கள், போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். எண் மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருந்து, போனும் வெதுவெதுப்பாக இருந்தால் அது உழைக்கிறது. பெரிய விளையாட்டு ஆப்கள் ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் எடுக்கலாம். சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஒரே எண்ணில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, போனும் குளிர்ந்து கிடந்தால், குறிப்பிட்ட ஓர் ஆப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். மூன்றாவதாக ஒன்று உண்டு. மக்களை அதிகம் பயமுறுத்துவதும் அதுதான். எண் கடைசிவரை போகும், ‘Starting apps’ என்று வரும், பிறகு திரை கறுத்து கம்பெனி பெயர் வந்து மறுபடி 1-இலிருந்து ஆரம்பிக்கும். இங்கே ஆப்டிமைஸ் வேலை குற்றவாளி இல்லை. அது முடிந்து சிஸ்டம் எழுந்து நிற்க முயலும்போது தடுக்கி விழுகிறது. விழுந்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

எதில் தடுக்கி விழுகிறது என்றால், பெரும்பாலும் இடப் பற்றாக்குறையில்தான். 32 ஜிபி போனில் 300 எம்பி மிச்சம் இருக்கும் நிலையில் அப்டேட் போடுகிறவர்கள் உண்டு. புதிய கட்டளைகளை எழுத இடம் வேண்டும். சிஸ்டத்தின் சொந்தப் பதிவேடுகளை எழுதவும் இடம் வேண்டும். அந்தப் பதிவேடுகளில் ஒன்றை எழுத முடியாமல் போனாலும் சிஸ்டம் விழலாம். அடுத்த காரணம், புதிய பதிப்போடு ஒத்துப்போகாத ஆப்.

இந்த நிலையில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. இவற்றில் எதுவும் டேட்டாவை அழிக்காது. பெரும்பாலான சாம்சங் போன்களில் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் பத்து விநாடி சேர்த்து அழுத்தினால் கட்டாயமாக ரீஸ்டார்ட் ஆகும். கம்பெனி பெயர் தெரியும்போது வால்யூம் குறைக்கும் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் பல போன்கள் சேஃப் மோடில் திறக்கும். அதில் நீங்கள் போட்ட ஆப்கள் ஓடாது. போன் திறந்துவிட்டால் சில ஆப்களை நீக்கி, படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றி, இடம் உண்டாக்கலாம். அதுவும் முடியாவிட்டால் ரிகவரி மெனு. புதிய சாம்சங் போன்களில் அதைத் திறக்க, போனை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டு, அணைத்த நிலையில் வால்யூம் கூட்டும் பட்டனையும் பவரையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும்.

அந்த ரிகவரி மெனுவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. கறுப்புத் திரை, பொடி எழுத்து, தொடுதிரை வேலை செய்யாது. வால்யூம் பட்டனால் மேலும் கீழும் நகரவேண்டும். பவர் பட்டன் அழுத்தினால் தேர்வாகும். நமக்கு வேண்டியது ‘Wipe cache partition’ என்ற வரி. சமீபத்திய போன்களில் ‘Repair apps’ என்றும் ஒன்று இருக்கும். அது ஆப்டிமைஸ் வேலையைப் புதிதாக ஓட்டும். இவை இரண்டும் ஆபத்தில்லாதவை. ஆனால் ‘Wipe cache partition’ வரிக்கு நேர் மேலே இருப்பது ‘Wipe data/factory reset’. இரண்டும் ‘Wipe’ என்றே தொடங்குகின்றன. பதற்றத்தில், ஆங்கிலம் சரளமாக வராதவர் இதில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை, இந்த மெனுவை வடிவமைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நல்லவேளை, தவறான வரியைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொரு முறை உறுதி கேட்கும். அந்த இடத்தில் ‘Cancel’ கொடுத்து வெளியே வந்துவிடலாம்.

இனி இரண்டாவது கதை. இது பூட்டைப் பற்றியது.

2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது, போதுமான வேகமுள்ள புதிய போன்கள் எல்லாம் டேட்டாவை மறைகுறியாக்கியே வைக்கவேண்டும் என்று கூகுள் விதித்தது. 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, அதோடு புதிதாக வெளிவரும் எல்லா போனுக்கும் அது கட்டாயம். ஆகவே இன்று உங்கள் கையில் இருக்கும் போனின் மெமரி சிப்பில் படம் படமாகவோ எழுத்து எழுத்தாகவோ எதுவும் இல்லை. சாவி இல்லாமல் பார்த்தால் குப்பை எண்கள்தான் தெரியும்.

சாவி எது? நீங்கள் போடும் நான்கு இலக்க பின் இல்லை. போனை முதன்முதலில் செட்டப் செய்தபோது அதுவே உண்டாக்கிய நீளமான எண்தான் சாவி. அந்தச் சாவியும் திறந்த நிலையில் கிடப்பதில்லை. இரண்டு விஷயங்கள் சேர்ந்தால்தான் வெளியே வரும். ஒன்று உங்கள் பின். இன்னொன்று பிராசஸருக்குள் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதியில் உள்ள ரகசியம். அந்த ரகசியம் அந்தச் சிப்பை விட்டு வெளியே வராது. மெமரி சிப்பை மட்டும் பெயர்த்து எடுத்து வேறு கருவியில் வைத்துப் படித்தால் ஒன்றும் கிடைக்காமல் போவதற்கும், மதர்போர்டை மாற்றினால் டேட்டா போய்விடுவதற்கும் இதுதான் காரணம்.

பழைய முறையில் டேட்டா பகுதி முழுவதற்கும் ஒரே சாவி. அந்தக் காலத்து போன்களில் வந்த செய்தி விசித்திரமானது. ‘Decryption unsuccessful. The password you entered is correct, but unfortunately your data is corrupt.’ பாஸ்வேர்டு சரி, ஆனால் டேட்டா கெட்டுவிட்டது என்கிறது. பாஸ்வேர்டு சரி என்று அதற்கு எப்படித் தெரியும்? பாஸ்வேர்டின் கைரேகை போன்ற ஒரு குறிப்பு, டேட்டாவிலிருந்து பிரித்து, தனியாக ஓரிடத்தில் இருக்கும். போன் முதலில் சாவியைப் போட்டு டேட்டா பகுதியைத் திறந்து பார்க்கும். உள்ளே இருப்பது ஒழுங்கான கோப்பு அமைப்பாகத் தெரியாவிட்டால், அந்தக் குறிப்போடு பாஸ்வேர்டை ஒப்பிடும். ஒத்துப்போனால் இந்த வாசகத்தைக் காட்டும். பாஸ்வேர்டே வைக்காதவர்களுக்கும் இது வந்தது. “நான் பாஸ்வேர்டே வைக்கலயே, அது சரின்னு எப்படிச் சொல்லுது?” என்று அவர்கள் குழம்பினார்கள். நீங்கள் வைக்காவிட்டால் ஆண்ட்ராய்டு தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். அந்தப் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? `default_password`. அதுவேதான்.

7.0 பதிப்பில் முறை மாறியது. இன்றைய போன்களில் இருப்பது அதுதான். டேட்டா இரண்டு வட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. அலாரம் அடிக்க, அழைப்பு வர, தேவையான கொஞ்சம் பின் போடும் முன்பே திறக்கும். மற்ற எல்லாம் பின் போட்ட பிறகுதான் திறக்கும். நீங்களே சோதிக்கலாம். போனை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பின் போடாமல் வைத்திருந்து, வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். மணி அடிக்கும், வழக்கமாக வரும் பெயருக்குப் பதில் வெறும் எண் மட்டும் வரும். காண்டாக்ட்ஸ் இன்னும் பூட்டிக் கிடக்கிறது என்று பொருள்.

இதற்கும் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்? பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் சாவியின் மேல் ஆண்ட்ராய்டின் பதிப்பும் பாதுகாப்புத் திருத்தத்தின் மாதமும் குறிக்கப்பட்டிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு முதன்முறை திறக்கும்போது சாவி புதிய தேதிக்குப் புதுப்பிக்கப்படவேண்டும். புதுப்பித்த சாவியைப் பழைய பதிப்பு பயன்படுத்த முடியாது. இது வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு. இல்லையென்றால் திருடிய போனில் ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஏற்றி உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் இதே கட்டுப்பாடு, “பழைய வெர்ஷன் போட்டுப் பாக்கலாம்” என்று கடையில் சொல்லும்போது உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. பழைய பதிப்பை ஏற்றிய போனில் சாவி திறக்க மறுக்கும். அங்கிருந்து ரீசெட் ஒன்றுதான் வழி என்று ஆகிவிடும்.

சாவி சரியாக இருந்தும் இந்தத் திரை வரலாம் என்பதையும் சொல்லவேண்டும். பழைய போனின் மெமரி சிப் களைத்துப்போய், அப்டேட்டின்போது நடக்கும் பெரிய எழுத்து வேலையில் சில இடங்களில் பிழை செய்யலாம். அதைவிட முக்கியமானது, ஆண்ட்ராய்டு 8.0-இலிருந்து உள்ள ஒரு மீட்பு ஏற்பாடு. சிஸ்டம் திரும்பத் திரும்ப விழுந்தால், உதாரணமாக ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் விழுந்தால், அது படிப்படியாகச் சில சரிசெய்தல்களைத் தானே முயன்று பார்க்கும். ஒன்றும் பலிக்காவிட்டால் கடைசிப் படியாக ரிகவரிக்குள் போய், ‘Can't load Android system. Your data may be corrupt’ என்று காட்டி, கீழே ‘Try again’, ‘Factory data reset’ என்று இரண்டு வழிகளை வைக்கும். ‘may be’ என்ற சொற்களை யாரும் கவனிப்பதில்லை. டேட்டா கெட்டிருக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. அதைப் பரிசோதித்துவிட்டுச் சொல்வதாக நினைக்கவேண்டாம்.

‘Try again’ வெறும் ரீஸ்டார்ட். எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். ‘Factory data reset’ செய்யும் வேலையோ வேறு. 128 ஜிபியையும் அழித்து எழுத நெடுநேரம் ஆகும். ஆனால் ரீசெட் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சாவியை அழித்துவிடுகிறது. அதன் பிறகு சிப்பில் உங்கள் படத்தின் எண்கள் அப்படியே மிச்சம் இருந்தாலும், எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதைப் படமாக்க முடியாது. மெமரி கார்டில் அழிந்ததை மீட்டுத் தரும் அதே சாஃப்ட்வேரை ரீசெட் ஆன போனுக்குப் போட்டுப் பணம் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

பொறுத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு 2023-இல் நடந்தது நல்ல உதாரணம். அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று ஆண்ட்ராய்டு 14 வெளியானது. சில நாட்களிலேயே கூகுளின் சொந்த பிக்சல் போன் வைத்திருந்தவர்கள் புகார் செய்யத் தொடங்கினார்கள். புகார்கள் இரண்டு விதமாக இருந்தன. சிலருக்கு போன் திறந்தது, ஆனால் கேலரி காலி. படம் எடுத்தால் சேமிக்க முடியவில்லை. ஆப்கள் திறந்த கையோடு மூடின. போனுக்குள் இருக்கும் சேமிப்பிடத்தை போனாலேயே அணுக முடியவில்லை. வேறு சிலருக்கு போன் ரீஸ்டார்ட் சுழலில் மாட்டி, நாம் மேலே பார்த்த ரீசெட் திரையில் போய் நின்றது. நல்ல விலை கொடுத்து வாங்கிய போன், பெயர்பெற்ற கம்பெனி, முறைப்படி வந்த அப்டேட். யாரும் எதையும் நோண்டவில்லை.

அக்டோபர் இறுதியில் கூகுள் காரணத்தின் எல்லையை அறிவித்தது. பிக்சல் 6-உம் அதற்குப் பிறகு வந்தவையும், அவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்களை அமைத்திருந்த போன்கள் மட்டுமே பாதிக்கப்பட்டன. குழந்தைக்கென்று தனிப் பயனர், விருந்தினர் பயனர் போன்றவை வைத்திருந்தவர்கள் இதில் வந்தார்கள். ஒரே பயனரில் இரண்டு ஜிமெயில் கணக்கு வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சரிசெய்யும் அப்டேட் வரும்வரை இரண்டாவது பயனரை உருவாக்கவோ அதில் நுழையவோ வேண்டாம் என்றது கூகுள். நவம்பரில் திருத்தம் வந்தது. சேமிப்பிடம் காணாமல்போன முதல் வகையினருக்கு, அந்தத் திருத்தத்தோடு கோப்புகள் திரும்பக் கிடைத்தன. அவை அழிந்திருக்கவே இல்லை. எட்டாத இடத்தில் இருந்தன, அவ்வளவே. ரீஸ்டார்ட் சுழலில் மாட்டியவர்களுக்கு நிலைமை மோசம். அவர்களின் டேட்டாவில் சிலவற்றையாவது மீட்க வழி பார்ப்பதாக மட்டுமே கூகுள் சொன்னது. ஆனால் இரண்டு வகையிலும், இடையில் பொறுமை இழந்து ரீசெட் போட்டவர்களுக்கு எந்தத் திருத்தமும் உதவவில்லை. 2024 ஜனவரியில் வேறொரு சிறு அப்டேட்டால் பிக்சல்களில் இதே போன்ற சேமிப்பிடக் கோளாறு மறுபடி வந்தது. அப்போதும் ரீசெட் இல்லாமல் சரிசெய்யும் வழியைக் கூகுள் பின்னால் வெளியிட்டது.

ஆகவே இந்தத் திரை வந்தால் என் யோசனை இது: ‘Try again’ சில முறை அழுத்திப் பாருங்கள். போகவில்லையென்றால் போனை அணைத்து வையுங்கள். அதே மாடலில் அதே அப்டேட்டுக்கு மற்றவர்களுக்கும் இப்படி வந்திருக்கிறதா என்று வேறு போனில் தேடுங்கள். வந்திருந்தால் திருத்தம் வர வாய்ப்பு உண்டு.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, டேட்டாவைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி ஏற்றுவது. அதே பதிப்பை அல்லது அதைவிடப் புதியதைத்தான் ஏற்றவேண்டும், பழையது கூடாது. பிக்சலில் கூகுள் வெளியிடும் முழு ஓடிஏ கோப்பை இறக்கி, ரிகவரி மெனுவில் ‘Apply update from ADB’ தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து இப்படி அனுப்பலாம்:

```
adb sideload ota.zip
```

சாம்சங்கில் கடைக்காரர் ஓடின் என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவார். அதில் ஏற்றும் கோப்புகளில் CSC என்று தொடங்குவது ஒன்று, HOME_CSC என்று தொடங்குவது ஒன்று, இரண்டும் ஒரே பொட்டலத்தில் இருக்கும். முதலாவதைப் போட்டால் டேட்டா அழியும். இரண்டாவது, டேட்டாவை வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் மாற்றுவதற்காக உள்ளது. “அண்ணே, HOME_CSC வச்சு, இப்ப இருக்கிற வெர்ஷனையே போட்டுப் பாருங்க. சரியாகலன்னா அப்படியே வச்சிடுங்க, என்னைக் கேக்காம ரீசெட் அடிக்காதீங்க” என்று கவுன்ட்டரிலேயே சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவர் “சரி தம்பி, ஆனா கேரண்டி கிடையாது” என்பார். அது நேர்மையான பதில். “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொல்கிறவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில், டேட்டா போனால் பொறுப்பில்லை என்ற வரி உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கம். அங்கேயும் இதை வாய்விட்டுச் சொல்லி, படிவத்தில் எழுதவும் சொல்லலாம்.

எல்லாம் முயன்றும் ரீசெட்தான் என்றானால், என்ன போகும் என்று ஒரு கணக்குப் போடவேண்டும். பணம் போகாது. யுபிஐ ஆப்பில் பணம் இல்லை, பேங்கில் இருக்கிறது. சிம்மை வைத்து மறுபடி பதிவு செய்தால் போதும். ஜிமெயில், கூகுள் கணக்கில் சேமித்த காண்டாக்ட்ஸ், டிஜிலாக்கர் எல்லாம் வெளியே பத்திரமாக இருக்கின்றன. போன் நினைவகத்தில் மட்டும் சேமித்த காண்டாக்ட்ஸ் போய்விடும்.

படங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அது இயல்பாக எடுத்துக்கொள்வது கேமராவில் எடுத்த படங்களை மட்டுமே. வாட்ஸ்அப்பில் உறவினர் அனுப்பிய கல்யாணப் படம், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோடு ஃபோல்டர் ஆகியவற்றை நீங்கள் தனித்தனியாகத் தேர்ந்து சேர்த்திருந்தால்தான் உண்டு. வாய்ஸ் ரெக்கார்டிங், பத்திரங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப் போன்றவை பெரும்பாலும் போனில் மட்டுமே இருப்பவை. என் கணக்கில், ரீசெட்டுக்குப் பிறகு மக்கள் அதிகம் வருந்துவது இவற்றுக்காகத்தான். காரணம், இவற்றை இன்னொரு முறை யாரும் அனுப்பமாட்டார்கள்.

வாட்ஸ்அப் மெசேஜ்கள் கம்பெனியின் சர்வரில் சேமித்து வைக்கப்படுவதில்லை. கூகுள் கணக்கில் பேக்கப் ஓடியிருந்தால் கடைசி பேக்கப் நாள் வரை திரும்பும். தினமும் அதிகாலை வாட்ஸ்அப் போனுக்குள்ளேயே எடுத்துவைக்கும் பேக்கப்பும் ஒன்று உண்டு; அது போனுக்குள்ளேயே இருப்பதால் ரீசெட்டோடு சேர்ந்து போய்விடும். பேக்கப்புக்கென்று தனிப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்து மறந்துவிட்டீர்களானால் அதை யாராலும் திறக்க முடியாது. அதேபோல எஸ்எம்எஸ், கால் பட்டியல், செட்டிங்ஸ் ஆகியவற்றைக் கூகுள் எடுத்துவைக்கும் பேக்கப்பைத் திருப்ப, பழைய போனின் ஸ்கிரீன் லாக் பின் கேட்கப்படலாம். இன்னொன்றும் உண்டு. போனை 57 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அந்த பேக்கப்பைக் கூகுள் அழிக்கலாம். திறக்காத போனை “அப்புறம் பாத்துக்கலாம்” என்று அலமாரியில் வைக்கிறவர்கள் இந்த நாள்கணக்கை மறக்கவேண்டாம்.

மெமரி கார்டு போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றி வேறு போனில் திறக்கிறதா என்று பாருங்கள். சாதாரணமாகப் பயன்படுத்திய கார்டு அப்படியே திறக்கும். ஆனால் கார்டை போனின் உள் நினைவகமாக மாற்றியிருந்தாலோ, சாம்சங்கில் ‘Encrypt SD card’ போட்டிருந்தாலோ, கார்டின் சாவி போனுக்குள் இருக்கிறது. போனை ரீசெட் செய்தால் கார்டில் உள்ளதும் சேர்ந்து போகும். ஓடிபிக்குப் பதிலாக கோடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்களும் கவனிக்கவேண்டும். கூகுளின் ஆத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரலில்தான் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அதைப் போடாதவர்களுக்கு, போனோடு சேர்ந்து மற்றக் கணக்குகளின் கதவும் அடைபடும். கடைசியாக, ரிகவரி வழியாக ரீசெட் செய்த போன், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது நினைவில் இல்லையென்றால் காலி போனைக்கூட பயன்படுத்த முடியாது.

இந்த நிமிடம் உங்கள் போனில் அந்த இரண்டு வழித் திரை நின்றுகொண்டிருந்தால், போனை அணைத்துவிடுங்கள். வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, photos.google.com போய் கடைசிப் படத்தின் தேதியைப் பாருங்கள். கூகுள் டிரைவின் சேமிப்பிடப் பக்கத்தில் பேக்கப் பட்டியலைத் திறந்து, வாட்ஸ்அப்பும் போனும் கடைசியாக என்று பேக்கப் ஆயின என்று பாருங்கள். அந்தத் தேதிகளைப் பார்க்காமல் ரீசெட்டை அழுத்தாதீர்கள், அடுத்தவரையும் அழுத்தவிடாதீர்கள்.